ஸ்டாண்டர்டில் நிறம் வருகிறது, டேனரி தண்ணீரில் வரவில்லை: ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் அளக்கும்போது வரும் சிக்கல்கள்

பெங்களூரு பீன்யாவில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து டேனரி கழிவுநீர் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வரும். விடிகாலையில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, நெடுஞ்சாலை வழியாகப் பத்து பத்தரைக்கெல்லாம் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் 0.1-க்குள் இருக்கிறதா? ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் வரம்பு. மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு.

முறை எளிது. வடிகட்டிய சாம்பிளை சல்பூரிக் அமிலத்தால் பிஎச் 2 அளவுக்குக் கொண்டுவந்து, டைபினைல்கார்பசைடு கரைசல் 2 மில்லி விட்டு, 100 மில்லியாக்கி, ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்துவிட்டு 540 நானோமீட்டரில் படிக்க வேண்டும். ஹெக்ஸாவேலன்ட் இருந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். இந்த முறையில் தப்பு வரும்போது அது பெரும்பாலும் சத்தம் போடாமல் வரும் என்பதுதான் தொல்லை. மெஷின் ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டே இருக்கும். கீழே எழுதியிருப்பவை எங்கள் மேசையில் நான் பார்த்த அறிகுறிகள்.

முதலில் ஸ்டாண்டர்ட்: நிறம் குறைவாக வருகிறது, அல்லது பிளாங்கே இளஞ்சிவப்பாக இருக்கிறது

சாம்பிளைக் குறை சொல்லும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். ஸ்டாண்டர்ட் என்பது குரோமியம் அளவு தெரிந்த கரைசல், பிளாங்க் என்பது குரோமியமே சேர்க்காத கரைசல். உலர்த்திய பொட்டாசியம் டைகுரோமேட் 141.4 மில்லிகிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராம் குரோமியம் உள்ள ஸ்டாக் கிடைக்கும். அதைப் பத்து மடங்கு நீர்த்தால் 5 மில்லிகிராம் கரைசல். ஒரு சென்டிமீட்டர் க்யூவெட்டில், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் ஸ்டாண்டர்டின் ஒளி உறிஞ்சல் 0.076 அளவில் இருக்க வேண்டும், 0.5 என்றால் 0.38 பக்கம். அதாவது ஒரு மில்லிகிராமுக்குச் சுமார் 0.76. உங்களுக்கு 0.6-தான் வருகிறது என்றால் இரண்டு இடத்தில் தேடலாம். ஒன்று ரீஏஜென்ட். 250 மில்லிகிராம் பொடியை 50 மில்லி அசிட்டோனில் கரைத்து, பழுப்பு பாட்டிலில் பிரிட்ஜில் வைத்தாலும் அது நாளடைவில் நிறம் மாறும். நிறம் மாறியதைக் கொட்டிவிட வேண்டியதுதான், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. மற்றொன்று சின்ன மெஷின்களின் அலைநீளம். நிறம் வந்த ஒரே ஸ்டாண்டர்டை 520-லிருந்து 560 வரை ஐந்தைந்தாக ஏற்றிப் படியுங்கள். உச்சம் 540-க்குப் பக்கத்தில் விழாவிட்டால் மெஷினின் டயல் சொல்வதும் உள்ளே போகும் ஒளியும் வேறு வேறு.

பிளாங்க் இளஞ்சிவப்பாக இருந்தால் கண்ணாடிச் சாமானைச் சந்தேகப்படுங்கள். பழைய லேப்களில் பிளாஸ்க்கைக் குரோமிக் அமிலத்தில் ஊற வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த அமிலமே டைகுரோமேட்தான்! எத்தனை முறை கழுவினாலும் கண்ணாடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த வேலைக்கென்று தனி பிளாஸ்க்குகள் வைத்து, நைட்ரிக் அமிலத்தில் கழுவி, நன்றாக அலசிப் பயன்படுத்துகிறோம். இன்னொன்று, ரீஏஜென்டை நேராக பிளாஸ்டிக் க்யூவெட்டில் விட வேண்டாம். அசிட்டோன் பட்ட பாலிஸ்டைரீன் மங்கிப்போகும், அந்த மங்கலும் ஒரு ரீடிங்காக வந்து உட்காரும்.

ஸ்டாண்டர்ட் சரி, ஆனால் சாம்பிளில் நிறமே இல்லை

இதுதான் நிஜமான பள்ளம். சில மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு ரீடிங்கைக் காட்டி, “அக்கா, ஜீரோதான் வருது. கண்டறியும் வரம்புக்குக் கீழே, பி.டி.எல்.னு போட்டுடலாமா?” என்றான். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியே வரும் தண்ணீர் அது, பிஎச் 8.1, லேசான டீ நிறம். சாம்பிளின் சொந்த நிறத்தைக் கழித்த பிறகு 0.004. பார்த்தால் நல்ல செய்தி மாதிரிதான் இருந்தது.

டேனரியில் தோல் பதனிட டிரம்மில் போடுவது பேசிக் குரோமியம் சல்பேட். அது ட்ரைவேலன்ட், குரோமியத்தின் வேறொரு வடிவம். ட்ரைவேலன்ட் குரோமியத்தை நேராக டைபினைல்கார்பசைடிடம் காட்டினால் நிறம் வராது. ஹெக்ஸாவேலன்ட் முதலில் ரீஏஜென்டை ஆக்சிஜனேற்றம் செய்து, அந்த நேரத்திலேயே தான் ட்ரைவேலன்டாக இறங்கி, உருவான பொருளோடு சேர்ந்துகொண்டால்தான் கத்தரிப்பூ நிறம். அதனால் கழிவுநீரில் மொத்தக் குரோமியம் நிறைய இருந்தும் இந்தச் சோதனையில் ஜீரோ வருவது இயல்பே. பல சாம்பிள்களில் அதுதான் உண்மையும்.

ஆனால் அதே ஜீரோ வேறொரு வழியிலும் வரும். முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அதன் மிச்சம் கழிவுநீரில் இருக்கும். சில நிலையங்களில் சல்பைடை இறக்க ஃபெரஸ் சல்பேட் போடுவார்கள். டேனின், புரதம், பைசல்பைட் என்று இன்னும் பல உண்டு. இவை எல்லாமே ஹெக்ஸாவேலன்டைக் குறைத்து ட்ரைவேலன்டாக்கக் கூடியவை. பிஎச் 8-ல் பலவும் சோம்பலாகக் கிடக்கும். நாம் அமிலம் விட்ட மறு நொடி சுறுசுறுப்பாகிவிடும். ஆக, டைபினைல்கார்பசைடு போய்ச் சேர்வதற்குள், இருந்த ஹெக்ஸாவேலன்டை நம் பிளாஸ்க்கிலேயே தின்று தீர்த்திருக்கும். அளப்பதற்காக நாம் செய்த காரியமே அளக்க வேண்டியதை அழித்துவிட்டது. மெஷினுக்கு இதெல்லாம் தெரியாது, அது 0.004 என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

ஒன்று கவனிக்க: சல்பைடு உள்ள தண்ணீரில் அமிலம் விட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வரும். அழுகிய முட்டை வாடை வந்தால் எச்சரிக்கை, வாடை நின்றுவிட்டால் இன்னும் எச்சரிக்கை. அதிக அளவில் அந்த வாயு மூக்கை மரத்துப்போகச் செய்யும். ஃப்யூம் ஹூட் இல்லாமல் இதைத் தொட வேண்டாம்.

எது உண்மையான ஜீரோ, எது பொய்யான ஜீரோ என்று பிரிக்க ஒரே வழி ஸ்பைக். தெரிந்த அளவு குரோமியத்தை நாமே சாம்பிளில் போட்டு, போட்டது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்ப்பது. அன்று செய்ததை அப்படியே சொல்கிறேன்.

90 மில்லி சாம்பிளில் 5 மில்லிகிராம் கரைசலில் 4 மில்லி சேர்த்தோம். 100 மில்லியில் அது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், எனவே 0.152 கூடுதலாக வர வேண்டும். மொத்தமாக வந்ததே 0.031. முன்பு வந்த 0.004-ஐக் கழித்தால் 0.027. போட்டதில் 18 சதவீதம்தான் திரும்பியது. தம்பியின் ஜீரோவுக்கு அந்த இடத்திலேயே மதிப்பில்லாமல் போயிற்று. நூறு ரூபாய் கொடுத்தால் பதினெட்டு ரூபாய் திருப்பித் தரும் கடையில் கல்லாவில் என்ன இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? 85-லிருந்து 115 சதவீதத்துக்குள் திரும்பி வந்தால்தான் ரீடிங்கை நம்புகிறோம்.

அடுத்தது நீர்த்தல். சாம்பிளைக் குறைத்தால் ஹெக்ஸாவேலன்டைத் தின்னும் பொருளும் குறையும், ஸ்பைக் அளவோ அதேதான். 20 மில்லி சாம்பிள் எடுத்து 100 ஆக்கியதில் ஸ்பைக் 0.118 காட்டியது, அதாவது 78 சதவீதம். 10 மில்லி எடுத்ததில் 0.142, 93 சதவீதம். பத்து மடங்கில் சாம்பிள் அடங்கிவிட்டது. ஸ்பைக் போடாத பத்து மடங்கு சாம்பிள் 0.001.

இங்கே ஒரு விலை கொடுக்க வேண்டும். எங்கள் மெஷினில் 0.005-க்குக் கீழே வரும் எதையும் நான் நம்புவதில்லை. அது லிட்டருக்கு 0.0066 மில்லிகிராமுக்குச் சமம், பத்தால் பெருக்கினால் 0.066. ஆக, பத்து மடங்கு நீர்த்த பிறகு “0.07-க்குக் குறைவு” என்று மட்டுமே சொல்ல முடியும். வரம்பு 0.1 என்பதால் இது போதும். இருபது மடங்கு தேவைப்பட்டிருந்தால் போதாது. அப்போது 5 சென்டிமீட்டர் க்யூவெட் பிடிக்கும் மெஷின் வேண்டும். இல்லையென்றால், காரத்திலேயே குரோமேட்டைத் தனியாகப் பிரித்து, பிறகு நிறம் உண்டாக்கும் அயன் குரோமட்டோகிராபி உள்ள லேபுக்கு அனுப்புவதுதான் நேர்மை.

ஸ்பைக் திரும்பி வந்தாலும் மீதியிருக்கும் ஒரு கேள்வி

நீர்த்த பிறகு ஸ்பைக் பிழைத்தது சரி. ஆனால் சாம்பிள் ஆம்பூரிலிருந்து பெங்களூரு வரும் ஐந்து மணி நேரத்தில், அமிலம் எதுவும் விடாமலேயே, பாட்டிலுக்குள் ஹெக்ஸாவேலன்ட் செத்துப்போயிருக்கலாம் இல்லையா? இதற்குச் சாம்பிளின் சொந்த பிஎச்சிலேயே ஒரு ஸ்பைக் போட்டுப் பார்க்க வேண்டும்.

50 மில்லிகிராம் ஸ்டாக்கில் 4 மில்லியை 100 மில்லி பிளாஸ்க்கில் விட்டு, மீதியைச் சாம்பிளாலேயே நிரப்பினோம். அமிலம் இல்லை. இப்போது அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கழித்து அதிலிருந்து 10 மில்லி எடுத்து, பத்து மடங்கு நீர்த்து, அமிலமும் ரீஏஜென்டும் விட்டோம். 0.152 வர வேண்டிய இடத்தில் 0.140. மிச்சத்தை ஐஸ் பெட்டியிலேயே ஐந்து மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி பார்த்தபோது 0.136, அதாவது 89 சதவீதம். வழியில் பெரிதாக எதுவும் தொலைந்திருக்காது என்று சொல்ல இது போதும். “0.07-க்குக் குறைவு, பத்து மடங்கு நீர்த்தலில், ஸ்பைக் மீட்பு 93 சதவீதம்” என்று ரிப்போர்ட் போனது. முதல் ரீடிங் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அப்போது அதைச் சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை.

சொந்த பிஎச்சிலேயே ஸ்பைக் காணாமல் போனால் கதை வேறு. அந்தத் தண்ணீரில் ஹெக்ஸாவேலன்ட் நிலைத்திருக்கவே முடியாது, ஜீரோ ரசாயனப்படி உண்மை. லெட் அசிடேட் தாளை நனைத்துக் காட்டினால் கறுக்கிறதா என்று பாருங்கள், கறுத்தால் சல்பைடுதான் காரணம். அப்போதும் எந்த இடத்துத் தண்ணீர் என்று கேட்டுவிட வேண்டும். சுண்ணாம்புத் தொட்டித் தண்ணீரும் குரோம் டிரம் தண்ணீரும் கலந்த பிறகு எடுத்ததா, அதற்கு முன்பா என்பதைப் பொறுத்து அந்த ஜீரோவுக்கு அர்த்தம் மாறும்.

சில சமயம் காரணம் இவ்வளவு ஆழத்தில் இருக்காது. மொத்தக் குரோமியத்துக்காக நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலையே இதற்கும் அனுப்பியிருப்பார்கள். மூடியைத் திறந்ததும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 2 காட்டினால் அந்தப் பாட்டிலில் இந்தச் சோதனை செய்து பிரயோஜனம் இல்லை, வழி நெடுக அமிலத்தில் ஹெக்ஸாவேலன்ட் அழிந்துகொண்டே வந்திருக்கும். புது சாம்பிள் கேளுங்கள். அமிலம் இல்லாமல், குளிரில், 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் பிடித்த இடத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, அம்மோனியம் சல்பேட் பஃபரால் பிஎச் 9.3 முதல் 9.7-க்குள் கொண்டுவர வேண்டும்.

லேபுக்குள்ளும் ஒரு சின்ன ஒழுக்கம் தேவை. பத்து சாம்பிளுக்கும் வரிசையாக அமிலம் விட்டு வைத்துவிட்டு டீ குடிக்கப் போய், வந்து ரீஏஜென்ட் விடுவது கூடாது. ஒவ்வொரு பிளாஸ்க்காக எடுத்து, அமிலம் விட்டு, குலுக்கி, உடனே ரீஏஜென்ட். தேவையான அமில அளவை முன்பே வேறு ஒரு பங்கில் பார்த்து வைத்துக்கொண்டால் பிஎச் மீட்டரோடு மல்லுக்கட்டும் நேரமும் மிச்சம்.

நிறம் வருகிறது, ஆனால் அது கத்தரிப்பூ நிறமில்லை

இது எதிர்ப்பக்கத்துப் பிழை. தாவர டேனினும் சாயமும் உள்ள தண்ணீர் தானே பழுப்பாக இருக்கும். 540-லும் கொஞ்சம் ஒளியை விழுங்கும். மெஷின் அதைக் குரோமியம் என்று எண்ணிக்கொள்ளும். ஹெக்ஸாவேலன்ட் அளவு மொத்தக் குரோமியத்தைவிட அதிகமாக வந்த ரிப்போர்ட் ஒன்றை வேறு லேபிலிருந்து ஒருவர் என்னிடம் காட்டியிருக்கிறார். பகுதி முழுதைவிடப் பெரியது! காரணம் பெரும்பாலும் இதுதான்.

மருந்து சாம்பிள் பிளாங்க்: அதே சாம்பிள், அதே நீர்த்தல், அதே அமிலம், ரீஏஜென்டுக்குப் பதில் வெறும் அசிட்டோன் 2 மில்லி. அமிலம் விடாத சாம்பிளை வைத்து ஜீரோ செய்யக் கூடாது. டேனினின் நிறம் பிஎச்சோடு மாறும், அமிலத்தில் வெளிறும். வெளிறாத பழுப்பைக் கழித்தால் ரீடிங் மைனஸில் போய் நிற்கும். ரீடிங் மைனஸில் வந்தால் முதலில் இதைத்தான் நான் கேட்பேன்.

சந்தேகம் தீரவில்லையா? 440, 540, 640 மூன்றிலும் படியுங்கள். குரோமியத்தின் நிறம் 540-ல் குன்றுபோல் எழும். பழுப்போ 440-லிருந்து சரிவாக இறங்கிக்கொண்டே போகும், நடுவில் எழும்பாது. அப்புறம் 700-லும் ஒருமுறை. கத்தரிப்பூ நிறம் அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. அங்கும் கணிசமாக வந்தால் அது கலங்கல். அமிலம் பட்டதும் புரதம் திரிந்து, பால் திரிந்த மாதிரி மெல்லிய மூட்டம் போடும். தெளிவாக வடிகட்டிய சாம்பிளிலும் இது நடக்கும். திரிந்ததை மறுபடி வடிகட்டலாம், ஆனால் நான் நீர்க்கவே விரும்புவேன். பத்து மடங்கில் பெரும்பாலும் திரிவதே இல்லை.

நிறத்தைப் போக்குகிறேன் என்று ப்ளீச்சிங் கரைசலோ பெர்மாங்கனேட்டோ விடுவது மட்டும் வேண்டாம். டேனரி தண்ணீரில் ட்ரைவேலன்ட் ஏராளம். அதில் ஒரு துளி ஹெக்ஸாவேலன்டாக ஏறினாலும் 0.1 தாண்டிவிடும். மொத்தக் குரோமியம் அளக்கும்போது பெர்மாங்கனேட்டைப் போட்டுக் கொதிக்க வைப்பது இந்த ஏற்றத்துக்காகத்தான். சுத்திகரிப்பு நிலையத்தின் கடைசியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிற இடங்களில், லேபில் யாரும் எதுவும் செய்யாமலேயே இது நடந்திருக்கக்கூடும். அப்போது வரும் கத்தரிப்பூ நிறம் பொய்யில்லை. ரிப்போர்ட் போடும் முன் குளோரின் போடுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டில் கேட்டு வாங்குங்கள்.

பளிச்சென்று நிறம் வந்து, கண் முன்னே மறைகிறது

ரீஏஜென்ட் விழுந்ததும் அடர்ந்த நிறம், குலுக்கி முடிப்பதற்குள் வெளிறி மஞ்சளாகிவிடுகிறது. பார்ப்பவர்கள் குரோமியம் இல்லை என்று நினைப்பார்கள். நேர்மாறு. ஹெக்ஸாவேலன்ட் அளவுக்கு மீறி இருக்கிறது. போட்ட ரீஏஜென்ட் முழுவதையும் ஆக்சிஜனேற்றம் செய்து, உண்டான நிறத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறது. நூறு மடங்கு நீர்த்துப் பாருங்கள், நிறம் நிலைத்து நிற்கும். குரோமேட் தொழிற்சாலைக் கழிவு கலந்த தண்ணீர் வடிகட்டிய பிறகும் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும், அந்த மஞ்சளைக் கண்டாலே நான் நேராக நூறு மடங்கில்தான் ஆரம்பிப்பேன்.

நீர்த்த பிறகும் மறைகிறது என்றால் மிச்சக் குளோரின். குளோரின் சோதனைத் தாள் ஒன்றே போதும். இரண்டும் இல்லை, மெதுவாகப் பத்து இருபது நிமிடத்தில் இறங்குகிறது என்றால் பிஎச்சைப் பாருங்கள். காரம் அதிகமுள்ள சுண்ணாம்புத் தண்ணீரில் வழக்கமான அமில அளவு போதாமல் பிஎச் 4-லேயே நின்றிருக்கும். அங்கே நிறமும் மெதுவாக, அரைகுறையாகத்தான் வரும். பத்தாவது நிமிடத்துக்குள் எல்லாப் பிளாஸ்க்கையும் படித்து முடிக்க முடியாது என்றால் ஒரு தடவைக்கு ஆறு பிளாஸ்க்குக்கு மேல் போட வேண்டாம். எங்கள் மேசையில் ஆறுதான், ஒவ்வொன்றின் கழுத்திலும் ரீஏஜென்ட் விட்ட நேரம் எழுதிய டேப் இருக்கும்.